டிரிப்பர் வாங்கும் முன் கிணற்றைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு ஏக்கர் தக்காளிக்குச் சொட்டுநீர் போடப்போகும் உனக்கு, கடைக்காரர் முதலில் காட்டப்போவது டிரிப்பரைத்தான். அதைக் கையில் வாங்கும் முன் ஒரு 200 லிட்டர் டிரம்மைக் கிணற்றடிக்கு எடுத்துப் போ. மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, டிரம் நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பார். 80 வினாடி ஆனால் மணிக்கு 9,000 லிட்டர். இது திறந்த வாயில் அளந்த கணக்கு. ஃபில்டரும் குழாயும் அழுத்தம் கொடுக்கும்போது அளவு இன்னும் குறையும்.

இப்போது உன் வயலின் தேவையைப் பார். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,000 சதுர மீட்டர். நான்கு அடிக்கு ஒரு வரிசை, அதாவது 1.2 மீட்டர் என்றால், லேட்டரல் குழாய் ஏறக்குறைய 3,300 மீட்டர் வேண்டும். 40 சென்டிமீட்டருக்கு ஒரு டிரிப்பர் வைத்தால் எண்ணிக்கை 8,300-ஐத் தொடும். மணிக்கு 4 லிட்டர் விடும் டிரிப்பரை வாங்கினால் 33,000 லிட்டர் தேவை. வயலை மூன்றாகப் பிரித்து வால்வு போட்டாலும் ஒவ்வொரு பகுதிக்கும் 11,000 லிட்டர் வேண்டும். உன் கிணறு அதைத் தராது. கடைசி வரிசைச் செடிகள் வாடும். 2 லிட்டர் டிரிப்பர் என்றால் ஒரு பகுதிக்கு 5,500 லிட்டரே போதும். நேரம் கூடுதலாக ஓடும், ஆனால் கடைசிச் செடி வரை தண்ணீர் போகும்.

தக்காளி, மிளகாய், கத்தரி மாதிரி நெருக்கமான பயிருக்கு, உள்ளேயே டிரிப்பர் பொருத்தி வரும் இன்லைன் குழாய்தான் ஏற்றது. தென்னைக்கும் மாவுக்கும் மரத்தடியில் குத்திச் செருகும் ஆன்லைன் டிரிப்பர் சரி. அழுத்தம் மாறினாலும் ஒரே அளவு விடும் டிரிப்பர் விலை அதிகம். உன் நிலம் சமமாக இருந்தால் அந்தச் செலவு வீண். ஏற்ற இறக்கம் உள்ள கரட்டு நிலத்துக்கும், மிக நீளமான வரிசைக்கும் அதைத் தவிர்க்காதே.

ஃபில்டரில்தான் பலர் காசு மிச்சம் பிடிக்கிறார்கள், அதனால்தான் பல வயல்களில் சொட்டுநீர் குழாய் சுருட்டி வரப்பில் கிடக்கிறது. போர்வெல் தண்ணீரில் மணல் வந்தால், அதைச் சுழற்றிக் கீழே தள்ளும் ஹைட்ரோசைக்ளோன் முதலில் வேண்டும். பின்னால் ஸ்கிரீன் ஃபில்டர். திறந்த கிணறு, பண்ணைக்குட்டைத் தண்ணீருக்கு அந்த ஏற்பாடு போதாது. பாசி வழவழப்பானது, அழுத்தம் ஏற ஏற வலைக்கண் வழியே பிதுங்கி உள்ளே போய்விடும். மணல் ஃபில்டர் அதைப் பிடிக்கும். அதற்குப் பணம் போதவில்லை என்றால் டிஸ்க் ஃபில்டராவது போடு.

ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தமானி கேட்டு வாங்கு. இரண்டு முள்ளுக்கும் இடையே வித்தியாசம் 0.5 கிலோவை எட்டினால் உடனே கழுவ வேண்டும்.

உப்புத் தண்ணீர் விஷயம் வேறு. கரைந்த சுண்ணாம்பை எந்த ஃபில்டரும் பிடிக்காது. டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படியும். அதற்கு அமிலக் கழுவல்தான் வழி. தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஒருபோதும் ஊற்றாதே. கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதே. குழாய் வாங்கும் முன்பே தண்ணீரைப் பரிசோதித்துவிட்டால், இந்த வேலை எத்தனை முறை வரும் என்று தெரிந்துவிடும்.

தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் உண்டு. அரசு வகுத்த தொகைக்குள்தான் அது. மேலே போனால் உன் கைக்காசு. மானியத்தில் வருகிறதே என்று வந்ததை அப்படியே வாங்கிக்கொள்ளாதே. மானிய விண்ணப்பத்தில் எந்த நிறுவனம் என்று கேட்கும் இடத்தில், உன் ஊருக்கு அருகில் உதிரிப்பாகமும் ஆளும் வைத்திருக்கிற நிறுவனத்தைக் குறிப்பிடு. அந்த டீலர் இரண்டு ஆண்டுக்கு முன் போட்டுக்கொடுத்த வயல் ஒன்றைக் காட்டச் சொல்லி, அந்த விவசாயியிடம் தனியாகப் பேசு.

போட்டு முடித்த அன்றே சோதனை செய். முதல் வரிசையின் தொடக்கத்திலும் கடைசி வரிசையின் முனையிலும் டம்ளர் வைத்து மூன்று நிமிடம் பிடி. 2 லிட்டர் டிரிப்பர் 100 மில்லி தர வேண்டும். முனையில் 90-க்குக் கீழே இறங்கினால், டீலரை அங்கேயே நிறுத்திச் சரிசெய்ய வை.

குழாயில் ஐ.எஸ். 13488 என்று அச்சிட்டிருக்கிறதா பார். பில்லில் டிரிப்பரின் அளவு, இடைவெளி, ஃபில்டர் வகை, இலவச சேவை எத்தனை ஆண்டு என்பதை எழுதித் தரச் சொல். எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்காதே, தம்பி.