ஓர் இரவு, ஒரு தொழில்: கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு குறும்படப் பாடம்

மும்பைக் கல்லூரிகளில் படிக்கும் நம் பிள்ளைகள் சிலர், குறும்படம் எடுக்கத் தலைப்புக் கேட்டு என்னிடம் வருவதுண்டு. அவர்களே ஒன்றைச் சொல்லிக்கொண்டும் வருவார்கள்: "தாராவியின் வறுமை." கேமராவை எங்கே வைப்பது, எப்போது நிறுத்துவது என்று இந்தத் தலைப்பு சொல்வதில்லை. மூன்று வாரம் கழித்தும் படம்பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வறுமையைப் படமெடுக்க வருவோரைப் பார்த்துத் தாராவி மக்களும் சலித்துவிட்டார்கள்.

தொடக்கமும் முடிவும் தன்னிடமே உள்ள ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரயில்வேக்காரனான எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. யோரிஸ் ஐவன்ஸ் என்ற டச்சுக்காரர் 1928-இல் ராட்டர்டாம் நகரின் ரயில் தூக்குப் பாலத்தை மௌனப் படமாக எடுத்தார். ரயில் வந்து நிற்கிறது, பாலம் மேலே எழுகிறது, கப்பல் போகிறது, பாலம் இறங்குகிறது, ரயில் புறப்படுகிறது. கதை அவ்வளவுதான். அந்த வேலையின் வரிசையே படத்தின் வரிசையாகிவிட்டது.

தாராவியில் இதற்கு இணையானது இட்லித் தொழில். நம்மவர் பலர் வீட்டிலேயே மாவரைத்து, விடியுமுன் அவித்து, சைக்கிளிலும் தலைச்சுமையாகவும் நகரமெங்கும் கொண்டுபோய் விற்கிறார்கள். ஊறவைத்தல், அரைத்தல், புளித்தல், அவித்தல், விற்றல் என்று எல்லாம் ஒரே நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும். வீடும் பட்டறையும் ஒன்றாக இருக்கும் இந்த ஏற்பாடு மறுசீரமைப்புக்குப் பிறகு எப்படி இருக்கும் என்பது கேள்விக்குறி. ஆகவே இப்போதே எடுத்து வைக்கலாம்.

எட்டு நிமிடப் படம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் கேமரா இல்லாமல் இரண்டு முறை போங்கள். ஒரு குடும்பத்திடம் சம்மதம் பெற்று, எந்த வேலை எத்தனை மணிக்கு நடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வாரம் இரண்டு இரவுகள் படப்பிடிப்பு. முதல் இரவு விட்டதை இரண்டாம் இரவு பிடிக்கலாம். அதே வேலை அதே நேரத்தில் திரும்ப நடப்பதுதான் இந்தத் தலைப்பின் பெரிய வசதி. மூன்றாம் வாரம் படத்தொகுப்பு. நான்காம் வாரம் ஒலியைச் சரிசெய்து, முதலில் அந்தக் குடும்பத்துக்கே போட்டுக் காட்டுங்கள்.

கைபேசிக் கேமரா போதும். ஆனால் மூன்று இடங்களில் தவறு நேரும். முதலாவது, வெளிச்சம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பழைய டியூப்லைட்டுகளும் சில எல்.இ.டி. விளக்குகளும் விநாடிக்கு 100 முறை மினுக்கும். கைபேசி 30 பிரேமில் இருந்தால் படத்தில் பட்டைகள் ஓடலாம். 25 பிரேமும், ஷட்டர் விநாடியில் 50-இல் ஒரு பங்கும் வைத்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். வீட்டுக்கு வந்து பார்ப்பதில் பயனில்லை. அங்கேயே பத்து விநாடி எடுத்து, போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, ஒலி. கிரைண்டர் ஓடும்போது பேட்டி எடுத்தால் ஒரு வார்த்தையும் தேறாது. மாவு வழித்து வைத்தபின் கிடைக்கும் ஓய்வில் பேசுங்கள். இன்னொரு கைபேசியை அவர் சட்டைப்பையில் வைத்துக் குரலைப் பதிவுசெய்து, தொடக்கத்தில் ஒரு முறை கைதட்டுங்கள். பின்னால் படத்தையும் குரலையும் பொருத்த அந்தத் தட்டல் ஓசை உதவும். கிரைண்டர் ஓசையைத் தனியாக ஒரு நிமிடம் எடுத்து வைப்பதும் நல்லது.

மூன்றாவது, மாவு பொங்குவது. இது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிற வேலை. கொஞ்சம் மாவைக் கண்ணாடி ஜாடியில் பாதியளவு ஊற்றி, எதிரே கைபேசியைச் சார்ஜரோடு அசையாமல் நிறுத்துங்கள். விளக்கு இரவு முழுவதும் எரிய வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம் வீதம் எட்டு மணி நேரத்தில் 240 படங்கள் சேரும். 25 பிரேமில் ஓட்டினால் ஏறக்குறைய பத்து விநாடி. குளிர்காலத்தில் மாவு மெதுவாகப் பொங்கும். அப்போது நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

விற்பனையைத் தெருவிலேயே எடுங்கள். ஸ்டேஷனில் எடுக்க ரயில்வேயின் முன் அனுமதி வேண்டும். உங்கள் நான்கு வாரம் அதற்கே போய்விடலாம்.

பேட்டியில் "எவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள்?" என்று கேட்காதீர்கள். "இன்று இட்லி மிஞ்சினால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். அதற்கு வரும் பதிலில் வருமானம், மழை, கடன் எல்லாம் தானாக வரும். பார்ப்பவரும் பாத்திரம் காலியாகுமா என்று கடைசிவரை காத்திருப்பார். காலியானாலும் மிஞ்சினாலும், அந்தப் பாத்திரத்தைக் காட்டுகிற இடத்தில் படத்தை முடித்துவிடுங்கள்.