பழைய கைபேசியைக் கைமாற்றுமுன்

புதிய கைபேசி வாங்கும்போது பழையதைக் கடையிலேயே கொடுத்து விலையில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வது இன்று பரவலான வழக்கம். இணையவழியில் வாங்கினால், புதியதைக் கொண்டுவரும் ஊழியரே வாசலில் நின்றபடி பழையதைச் சோதித்துப் பெற்றுச் செல்கிறார். அவர் காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில்தான் பலர் அழிக்கும் வேலையைத் தொடங்குகின்றனர். அவ்வேலைக்கு ஒரு வரிசை உண்டு. அது மாறினால் ஒன்று தகவல் எஞ்சும், அல்லது கைபேசி பூட்டிக்கொண்டு வாங்குவோருக்கும் பயனற்றுப் போகும். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோரிடம் இருப்பது ஆண்ட்ராய்டு கைபேசி என்பதால் அதனையே இங்கு விரிவாகக் காண்போம்.

ஓய்வு பெற்ற வாடிக்கையாளர் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் தமது நான்காண்டுப் பழைய கைபேசியில் ஒளிப்படங்களை ஒவ்வொன்றாக அழிக்கிறார். வங்கிச் செயலியை நீக்குகிறார். சிம் அட்டையைக் கழற்றுகிறார். பிறகு கைபேசியைக் கொடுத்துவிடுகிறார். இதில் எஞ்சியிருப்பவை யாவை? கூகுள் கணக்கு திறந்தபடியே இருக்கிறது. எனவே மின்னஞ்சலில் மாதந்தோறும் வந்த வங்கிக் கணக்கு அறிக்கைகள் இருக்கின்றன. பதிவிறக்கக் கோப்புறையில் ஆதார், பான் அட்டை ஆகியவற்றின் படிகள் இருக்கின்றன. இணைய உலாவியில் சேமித்த கடவுச்சொற்களும் இருக்கின்றன.

“சிம் என்னிடம் இருக்கிறதே, ஓடிபி இன்றி எவரும் பணம் எடுக்க முடியாதே” என்று அவர் கூறலாம். அது உண்மையே. ஆனால் அறிக்கைகள் பூட்டப்பட்டுள்ளன என்பது அத்துணை வலுவான காப்பு அன்று. பதிவிறக்கிய மின் ஆதாருக்குக் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு எழுத்துகளும் பிறந்த ஆண்டுமே. பல நிறுவனங்களின் அறிக்கைகளும் பெயரையும் பிறந்த தேதியையும் ஒட்டிய கடவுச்சொல்லையே கொண்டிருக்கின்றன. ஆதார் அட்டையின் ஒளிப்படம் ஒன்று பக்கத்திலேயே இருந்தால் பூட்டும் சாவியும் ஒரே பெட்டியில் வைக்கப்பட்டதாகிறது. சென்ற மாதம் எந்தத் தேதியில் எவ்வளவு ஓய்வூதியம் வரவாயிற்று என்று சரியாகச் சொல்லி, வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்தால் நம்பாதவர் சிலரே. ஓடிபியை அப்போது வாடிக்கையாளரே கூறிவிடுகிறார்.

கையால் அழிப்பதில் வேறொரு கேடும் உண்டு. கூகுள் கணக்கோடு இணைந்த கைபேசியில் ஒளிப்படங்களையோ தொடர்பு எண்களையோ அழித்தால், அவை கணக்கிலிருந்தும், அதன் வழியே புதிய கைபேசியிலிருந்தும் நீங்கிவிடும். பிறர் கண்ணில் படாமல் மறைக்க எண்ணியவை தமக்கே இல்லாமற்போகின்றன. ஆகவே எதனையும் தனித்தனியே அழிக்க வேண்டாம். கணக்கை நீக்கிவிட்டு, முழு அழிப்புச் செய்வதே முறை.

முதற்படி, புதிய கைபேசி முழுமையாக இயங்கத் தொடங்குவது. வங்கிச் செயலி, யுபிஐ செயலி, வாட்ஸ்அப் ஆகியவற்றைப் புதியதில் பதிவு செய்து, ஒரு சிறு தொகை அனுப்பிப் பார்த்துவிடுங்கள். யுபிஐ பதிவானது, அந்தக் கைபேசியில் உள்ள சிம்மிலிருந்து செல்லும் குறுஞ்செய்தியால் உறுதி செய்யப்படுகிறது. ஒரு செயலியைப் பயன்படுத்துவதையே விட்டுவிடுவதானால், பழையதில் அதைத் திறந்து வங்கிக் கணக்கின் இணைப்பை நீக்கிய பின்னரே செயலியை அகற்ற வேண்டும். செயலியை அகற்றுவதால் மட்டும் யுபிஐ முகவரி இரத்தாவதில்லை. ஆறிலக்க எண்ணை முப்பது நொடிக்கொருமுறை மாற்றிக் காட்டும் உறுதிப்பாட்டுச் செயலி வைத்திருப்போர் அதனையும் இப்போதே மாற்றிக்கொள்ள வேண்டும். இதை மறந்து அழித்துவிட்டால் சொந்தக் கணக்கிற்குள்ளேயே நுழைய இயலாத நிலை வரும்.

இரண்டாம் படி, கணக்குகளிலிருந்து வெளியேறுவது. Settings பகுதியில் Passwords & accounts, அல்லது சில கைபேசிகளில் Accounts, என்னும் இடத்தில் கூகுள் கணக்கைத் தேர்ந்து Remove account என்பதைத் தொடுங்கள். சாம்சங், ஷாவ்மி போன்ற நிறுவனங்களின் தனிக் கணக்கு இருப்பின் அதனையும் நீக்க வேண்டும். அழித்தால் எல்லாம் போய்விடுமே, முன்கூட்டியே வெளியேறுவது எதற்கு என்று தோன்றலாம். 2015இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 5.1 முதல் திருட்டைத் தடுக்க ஒரு காப்புப் பூட்டு உள்ளது. கணக்கை நீக்காமல், பொத்தான்களை அழுத்திப் பிடித்து வரும் பட்டியலின் வழியே கைபேசியை அழித்தால், மீண்டும் இயங்கும்போது அது பழைய உரிமையாளரின் கணக்கைக் கேட்டு நின்றுவிடும். வாங்கியவர் தொலைபேசியில் அழைத்து, “அந்தக் கடவுச்சொல்லைக் கொஞ்சம் சொல்லுங்கள்” என்பார். ஒருபோதும் சொல்லலாகாது. கடவுச்சொல் மறந்துபோய் அண்மையில் மாற்றியிருந்தால், 24 மணி நேரம் பொறுத்து அழிக்குமாறு கூகுளே அறிவுறுத்துகிறது. வாசலில் ஆள் நிற்கையில் இதற்கு இடமேது?

பிறகு இரண்டு சிம்களையும் மெமரி கார்டையும் கழற்றுங்கள். முழு அழிப்பு பெரும்பாலும் கைபேசியின் உள்நினைவகத்தை மட்டுமே துடைக்கிறது. மெமரி கார்டில் உள்ளவை அப்படியே இருக்கும். அட்டையை விற்கும் விலையோடு சேர்த்துக் கொடுப்பது வீண் தாராளம்.

இனி அழிப்பு. Settings, System, Reset options, Erase all data என்பது பொதுவான வழி. சாம்சங் கைபேசியில் General management, Reset, Factory data reset என்று செல்ல வேண்டும். திரைப்பூட்டு எண்ணைக் கேட்கும். அளித்ததும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இவ்வளவு விரைவில் அனைத்தும் எவ்வாறு அழியும் என்ற ஐயம் நியாயமானது. ஆண்ட்ராய்டு 10உடன் வெளிவந்த கைபேசிகளில் தகவல் அனைத்தும் மறையாக்கம் செய்தே எழுதப்படுகிறது. அழிப்பின்போது அதன் திறவுகோல் ஒழிக்கப்படுவதால், எஞ்சும் எழுத்துகளை எவராலும் படிக்க இயலாது. மிகப் பழைய கைபேசிகளில் இந்த உறுதி இல்லை. மறையாக்கம் செய்யப்படாதவற்றில் அழிக்கப்பட்ட கோப்புகளைச் சில மென்பொருள்களால் மீட்க முடியும். அத்தகையதற்குக் கிடைக்கும் சில நூறு ரூபாயைக் கருதி விற்பதைவிட வீட்டிலேயே வைத்துக்கொள்வது மேல் என்பது என் கருத்து. திரை உடைந்து, அழிக்கவே இயலாத கைபேசிக்கும் இதுவே பொருந்தும்.

ஐபோன் வைத்திருப்போர் Settings, General, Transfer or Reset iPhone, Erase All Content and Settings என்னும் வழியே செல்லலாம். இடையில் ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். அதை அளித்தால்தான் Find My நீங்கி, அடுத்தவருக்குக் கைபேசி பயன்படும்.

அழிந்ததா என்று அறிவது எளிது. கைபேசி மீண்டும் இயங்கி, மொழியைத் தேர்ந்தெடுக்கும் வரவேற்புத் திரையில் நிற்க வேண்டும். வைஃபையுடன் இணைத்து ஓரிரு திரைகள் முன்னே செல்லுங்கள். பழைய கணக்கையோ பழைய பூட்டு எண்ணையோ கேட்டால் காப்புப் பூட்டு நீங்கவில்லை என்று பொருள். கேட்கவில்லையெனில் அங்கேயே நிறுத்தி, கைபேசியை அணைத்துவிடுங்கள். சோதித்துப் பார்ப்பதாக எண்ணித் தமது கணக்கையே மறுபடி உள்ளிடுவோர் உண்டு. அவ்வாறு செய்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பின்னர்ப் புதிய கைபேசியில் கூகுள் கணக்கின் Security பகுதியில் Your devices பட்டியலைத் திறந்து, பழைய கைபேசி உள்நுழைந்த நிலையில் காணப்பட்டால் Sign out கொடுங்கள்.

ஏற்கெனவே அழிக்காமல் கொடுத்துவிட்டவர்களும் இந்தப் பட்டியலிலிருந்தே தொடங்கலாம். அங்கே வெளியேற்றியவுடன் மின்னஞ்சலின் கடவுச்சொல்லையும், அதன்பின் வங்கியின் இணையச் சேவைக் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். கணக்கில் அறியாத பரிவர்த்தனை ஏதேனும் தென்பட்டால் கிளைக்குத் தெரிவிப்பதோடு, 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணையும் தாமதமின்றி அழையுங்கள்.