சுமையும் மீடிறனும்

தனித்தியங்கும் 1000 மெகாவாற்றுக் கொதிநீராவி நிலையமொன்றை எடுத்துக்கொள்வோம். மீடிறன் 50 ஏட்சு. வேகங் குறையுமிடத்துக் கவர்னர் நீராவி வாயிலைத் திறக்கும். எனினும் அதற்கும் சுழலிக்கும் தாமதமுண்டு. அவற்றின் மாற்றுச் சார்புகள் முறையே 1/(1+0.2s), 1/(1+0.5s) எனவும், சுழலுந் திணிவும் சுமையும் சேர்ந்தது 1/(10s+1) எனவுங் கொள்வோம். கவர்னரின் சரிவு R நூற்றுக்கு 5; ஆகவே 1/R = 20.

சுமை 50 மெகாவாற்று, அஃதாவது 0.05, கூடுகின்றது. அசைவு அடங்கியபின் வீழ்ச்சி 0.05/(20+1), ஏறத்தாழ 0.12 ஏட்சு. மீடிறன் 49.88 இலேயே நின்றுவிடும். வாயில் கூடுதலாகத் திறந்து நிற்பதற்கு அவ்வேகக் குறைவு வேண்டியிருத்தலின், கவர்னர் தானாக 50 ஐ மீட்பதில்லை.

சரிவை நூற்றுக்கு 1 ஆக்கினால் வீழ்ச்சி சுருங்குமே என மாணவர் வினவுவர். நல்ல வினாவே. மூடிய தடத்தின் சமன்பாடு s³+7.1s²+10.7s+1+1/R = 0. ஈற்றுறுப்பு 7.1×10.7 = 75.97 ஐ விஞ்சலாகாது. சரிவு 1 எனில் அது 101. ஊசல் அடங்காது வளர்ந்துகொண்டே போகும்.

ஆதலின் வேறோர் உபாயம் வேண்டும். மீடிறன் வீழ்ச்சியைத் தொகையிட்டு, அத்தொகைக்கேற்பக் கவர்னரின் குறிப்பு நிலையை மெல்ல உயர்த்துவர். வீழ்ச்சி எஞ்சும்வரை தொகை வளரும். மீடிறன் 50 ஐ அடைந்து அமைந்த பின்னரே நிலைபெறும். இதனையும் விரைவுபடுத்த முயன்றால் அதே ஊசல் மீண்டும் தோன்றும்.