பெறுநர் பெரிதாக, அனுப்புநர் சிறிதாக

கேள்வி: மாமல்லபுரத்தில் வீட்டிலிருந்தபடியே சிறிய மாவுக்கல் சிற்பங்களை விற்கிறேன். பார்சல் லேபிளை நானே வடிவமைத்து, தெர்மல் பிரின்டரில் எடுத்து ஒட்டுகிறேன். மதுரைக்கு அனுப்பிய ஒரு பிள்ளையார் ஊர் சுற்றிவிட்டு என் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டார். இன்னொரு பெட்டியின் பார்கோடை ஸ்கேனர் படிக்கவில்லை. எண்ணைக் கையால் தட்டிப் பதிந்தார்கள். லேபிளின் படத்தை இணைத்திருக்கிறேன். என்ன தவறு?
- ஒரு வாசகி, மாமல்லபுரம்

பதில்: உங்கள் லேபிளின் இடது பாதியில் உங்கள் முகவரி, வலது பாதியில் மதுரை முகவரி. இரண்டும் ஒரே எழுத்து அளவில் இருக்கின்றன. பிள்ளையார் திரும்பி வந்ததற்கு இதுவே காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். பார்சலைப் பிரிக்கும் இடத்தில் யாரும் முகவரியை முழுக்க வாசிப்பதில்லை, முதலில் ஆறு இலக்க பின்கோடைத்தான் தேடுவார்கள். அதன் முதல் மூன்று இலக்கங்களை வைத்தே எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்று முடிவாகிறது. 625 என்றால் மதுரைப் பக்கம், 603 என்றால் செங்கல்பட்டுப் பக்கம். உங்கள் லேபிளில் 625001, 603104 இரண்டும் சம அளவில் அருகருகே நிற்கின்றன. பெட்டி எந்தப் பக்கம் திரும்பிக் கிடந்ததோ, அந்தப் பக்கத்து எண் கண்ணில் பட்டிருக்கும்.

நூறுக்கு நூற்றைம்பது மில்லிமீட்டர் லேபிளில் இடத்தைச் சரிபாதியாகப் பிரிக்காதீர்கள். உங்கள் முகவரி இடது மேல் மூலையில், 8 புள்ளி எழுத்தில், மூன்று நான்கு வரிக்குள் அடங்கட்டும். அதில் மாவட்டம் இன்னும் காஞ்சிபுரம் என்றே இருக்கிறது; 2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகிவிட்டது, மாற்றிவிடுங்கள். பெறுநர் முகவரிக்கு நடுப்பகுதி முழுவதையும் கொடுங்கள்: 'பெறுநர்' என்ற சொல் தடித்த எழுத்தில், பெயரும் தெருவும் 14 புள்ளியில், பின்கோடு கடைசியில் தனி வரியாக 20 புள்ளியில். வெளிமாநிலத்துக்குப் போகும் பெட்டியென்றால் முகவரியை ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

இனி பார்கோடு. அஞ்சலகமோ கூரியரோ கொடுத்த எண்ணைத்தான் அச்சிட வேண்டும், நீங்களாக ஓர் எண்ணை உருவாக்கக் கூடாது. உங்கள் படத்தில் இருப்பது ஸ்பீட் போஸ்ட் வகை எண்: இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் IN. ஒன்பதாவது இலக்கம் மற்ற எட்டிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண். கையால் தட்டும்போது ஓர் இலக்கம் மாறினால் அது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்கேனர் ஏன் படிக்கவில்லை? கோட் 128 முறையில் இந்தப் பதின்மூன்று எழுத்துகளும் அதிகபட்சம் 178 மெல்லிய அலகுகளாக விரியும். நீங்கள் அதை 30 மில்லிமீட்டருக்குச் சுருக்கியிருக்கிறீர்கள். ஓர் அலகுக்கு 0.17 மில்லிமீட்டர்தான் கிடைக்கிறது. 203 dpi பிரின்டரின் ஒரு புள்ளியோ 0.125 மில்லிமீட்டர். ஒன்றேகால் புள்ளிக்குச் சற்று மேலான அகலத்தை அதனால் அச்சிட முடியாது. அதனால் சில அலகுகள் ஒரு புள்ளியாகவும் சில இரண்டாகவும் விழுகின்றன. கோடுகளின் அகல விகிதம் குலைகிறது. ஸ்கேனர் படிப்பதே அந்த விகிதத்தைத்தான். அலகுக்குச் சரியாக மூன்று புள்ளி கொடுங்கள். பார்கோடு சுமார் 67 மில்லிமீட்டர் வரும். இருபுறமும் நான்கு மில்லிமீட்டர் வெற்று வெள்ளையை விட்டாலும் நூறு மில்லிமீட்டர் அகலத்தில் தாராளமாக அடங்கும். அந்த வெள்ளையில் கட்டமோ எழுத்தோ வரக் கூடாது, கோடு எங்கே தொடங்குகிறது என்று ஸ்கேனருக்கு அதை வைத்துத்தான் தெரியும். படத்தை மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்காமல், இந்த அளவிலேயே புதிதாக உருவாக்குங்கள். பிரின்ட் எடுக்கும்போது அளவு 100 சதவீதம் என்றே இருக்கட்டும்; 'பக்கத்துக்குப் பொருத்து' என்பது தேர்வாகியிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் வீணாகிவிடும்.

பார்கோடுக்குப் பக்கத்தில் உங்கள் கடையின் க்யூஆர் கோடு இருக்கிறதே, அதை எடுத்துவிடுங்கள். ஸ்கேனர் அதைப் பிடித்துக்கொண்டால் பார்சல் எண்ணுக்குப் பதில் இணைய முகவரிதான் பதிவாகும். பெட்டிக்குள் ஒரு சீட்டில் வையுங்கள், வாங்கியவர் அங்கே பார்ப்பார். பழைய அட்டைப்பெட்டியைத் திரும்பப் பயன்படுத்தினால் அதிலுள்ள பழைய பார்கோடையும் கிழித்தெடுங்கள் அல்லது மார்க்கரால் முழுக்கக் கறுப்பாக்குங்கள்.

கல் வேலை நடக்கும் வீடு என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாவுக்கல் தூசு அட்டைமேல் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும். அதன்மேல் ஒட்டிய லேபிள் இரண்டு நாளில் ஓரத்திலிருந்து உரியத் தொடங்கும். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, பெட்டியின் மிகப் பெரிய தட்டையான பக்கத்தில், மூடி சேரும் கோட்டைத் தாண்டாமல் ஒட்டுங்கள். தெர்மல் தாள் கடும் சூட்டில் கிடந்தால் கறுக்கும். கடல் ஈரத்துக்காக அதன்மேல் செலோடேப் ஒட்டுகிறீர்கள் என்று படத்தில் தெரிகிறது. பார்கோடின் மேல் மட்டும் டேப் வேண்டாம். அதன் பளபளப்பு ஸ்கேனரின் ஒளியைத் திருப்பிவிடும், சில டேப்களின் பசை தெர்மல் அச்சையே வெளிறச் செய்யும். நான்கு ஓரங்களையும் மட்டும் டேப்பால் பிடித்தால் போதும்.

பெட்டி வீட்டைவிட்டுக் கிளம்புமுன் போனிலுள்ள ஸ்கேன் செயலியால் ஒருமுறை படித்து, திரையில் வருவதைக் கோட்டின் கீழே அச்சாகியிருக்கும் எண்ணோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். போன் தடுமாறினால் கவுன்டர் ஸ்கேனரும் தடுமாறும். அந்த லேபிளைக் கிழித்துவிட்டு வேறொன்று எடுங்கள்.