போன் படத்தில் முடி வெட்டுப்பட்டால் சரி செய்வது எப்படி?



ரங்கே கவுடர் வீதியில் சரக்கு எடுத்து, அன்னூர்ப் பக்கம் மளிகைக் கடை நடத்தி வருகிறார் நமது உறுப்பினர் ஒருவர். நாற்பது ஆண்டு காலம் அந்தக் கடையின் கல்லாவில் அமர்ந்திருந்த அவருடைய தாயார் அண்மையில் காலமானார். நினைவஞ்சலிப் பலகைக்குப் படம் தேடியபோது, பொங்கலன்று பேரன் ஐபோனில் எடுத்த ஒரே ஒரு படம்தான் கிடைத்தது. முகம் அழகாக விழுந்திருந்தது. ஆனால் பிளக்ஸ் அடிப்பவர் அதைக் கணினியில் பெரிதாக்கிக் காட்டியதும் உறுப்பினர் திகைத்துப் போனார்.

"ஏனுங்க, அம்மாவோட கொண்டையையே காணமுங்க!" என்று என்னிடம் போனை நீட்டினார்.

கொண்டையில் பாதி பின்னால் இருந்த அலமாரியோடு கரைந்து போயிருந்தது. நெற்றியோரத்து நரைமுடிகள் கத்தரியால் நறுக்கியது போல் நின்றன. காதுக்கும் கொண்டைக்கும் இடையே இருந்த சிறு சந்தில் மட்டும் ஒரு சோப்புப் பெட்டியின் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. இனி எடுக்க முடியாத படம். அதை எப்படி மீட்டோம் என்பதே இக்கட்டுரை.

பிழை எப்படி வருகிறது?

பெரிய காமிராவில் லென்சே பின்னணியை மங்கலாக்கும். போனின் லென்சு சிறியது. அதனால் அது தெளிவாகப் படம் பிடித்துவிட்டு, பின்னணியைப் பிறகு கணக்குப் போட்டு மங்கலாக்குகிறது. 2016-இல் வந்த ஐபோன் 7 பிளஸ் நம் இரு கண்கள் போல் இரண்டு லென்சுகளைக் கொண்டு எது அருகில், எது தொலைவில் என்று அளந்தது. 2017-இல் வந்த கூகுள் பிக்சல் 2 ஒரே பின்பக்க லென்சைக் கொண்டு அதைச் செய்தது.

இந்தத் தொலைவுக் கணக்கு படத்தைப் போல நுணுக்கமானது அல்ல. கடலை சலிக்கும் சல்லடையில் கடுகு நிற்காது அல்லவா? அதுபோல முகமும் தோளும் அதில் நிற்கும். ஒற்றை முடி நழுவிவிடும். நழுவிய முடியைப் பின்னணி என்று எண்ணிப் போன் மங்கலாக்கிவிடும். முடிக்கு நடுவே உள்ள சந்தைத் தலையின் பகுதி என்று எண்ணித் தெளிவாகவே விட்டுவிடும். வெளிச்சம் குறைந்த கடைக்குள்ளும், முடியின் நிறமும் பின்னணியின் நிறமும் ஒன்றாக இருக்கும் இடத்திலும் இந்தத் தவறு அதிகம். நரைத்த கொண்டைக்குப் பின்னால் வெள்ளை நிறச் சோப்புப் பெட்டிகள் இருந்ததே இங்கு வந்த வினை.

ஆகவே ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். முடி வெட்டப்படவில்லை, அதன் மேல் மங்கல் பூசப்பட்டிருக்கிறது. பூச்சை எடுத்தால் முடி திரும்பி வரும்.

பூச்சை எடுத்தல்

முதலில், படம் எடுத்த அதே போனில் உள்ள மூலப் படத்தைத் திறக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த நகல் பயன்படாது. அதில் தொலைவுக் கணக்கு வருவதில்லை, மங்கல் படத்தோடு ஒட்டிப் போயிருக்கும். பேரனின் போனையே வாங்கி, படத்துக்கு "Duplicate" கொடுத்து ஒரு நகல் எடுத்துக் கொண்டோம்.

பிறகு "Edit" அழுத்தினோம். அங்கே f என்ற எழுத்தும் எண்ணும் உள்ளன. எண் சிறிதானால் மங்கல் அதிகம். பெரிதானால் மங்கல் குறைவு. எண்ணைக் கூட்டக் கூட்டக் கொண்டை மெல்ல வெளிப்பட்டது. சிறிய பிழையாக இருந்தால் இந்த அளவிலேயே வேலை முடிந்துவிடும். இங்கே நறுக்கிய ஓரம் அப்போதும் தெரிந்ததால் "Portrait" என்பதை அழுத்தி மங்கலை முழுவதும் நீக்கினோம். கொண்டை முழுசாக, ஒவ்வொரு நரைமுடியும் தனித்தனியாக வந்துவிட்டது. உறுப்பினர் சற்று நேரம் பேசவில்லை.

ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் எடுத்த பிறகு மங்கலைக் குறைக்கும் வசதி உண்டு. அதன் பெயரும் இடமும் போனுக்குப் போன் மாறும். கேலரியில் படத்தைத் திறந்து, பின்னணி மங்கலுக்கான அளவுகோலைத் தேடி இடது கோடிக்கு இழுத்துப் பாருங்கள்.

கையால் மங்கலிடுதல்

மங்கல் போனதும் அலமாரிச் சரக்கெல்லாம் முகத்தோடு போட்டி போட்டது. எனவே ஸ்னாப்சீட் என்ற இலவசச் செயலியில் நாமே மங்கலிட்டோம். முறை இதுதான்:

1. "Lens Blur" கருவியைத் தேர்ந்து, வட்டத்தை முகத்தின் அளவுக்குச் சுருக்கி முகத்தின் மேல் வைக்க வேண்டும். மங்கலின் வலுவை மிதமாகவே வைக்க வேண்டும்.

2. சரி என்று முடித்தபின் "View edits" சென்று, "Lens Blur" மேல் அழுத்தித் தூரிகையை எடுக்க வேண்டும். இப்போது மங்கல் மறைந்துவிடும். நாம் தடவும் இடத்தில் மட்டும் வரும்.

3. தலைக்குத் தொலைவில் உள்ள அலமாரியை 100 என்ற அளவில் தடவ வேண்டும். தலையை நெருங்கும்போது 50. முடியோரத்தில் 25. முடியின் மேல் தடவவே கூடாது. படத்தை விரித்துப் பெரிதாக்கினால் தூரிகை நுணுக்கமாகும். சந்தில் தெரிந்த சோப்புப் பெட்டியை அப்படித்தான் மறைத்தோம்.

முடியோரம் வரை 100 தடவினால் நரைமுடியின் வெண்மை பின்னணியில் கலந்து, தலையைச் சுற்றி வெள்ளைப் புகை போல் ஒளிவட்டம் நிற்கும். அது தெரிந்தால் அந்த இடத்தில் அளவைக் குறைத்து மீண்டும் தடவ வேண்டும். முடியோரம் கோடு போல் முடியாமல், தெளிவிலிருந்து மங்கலுக்குச் சிறிது சிறிதாக மாறினால்தான் கண் அதை ஏற்கும்.

அச்சுக்கு முன்

போன் திரையில் நன்றாகத் தெரிவது பலகையில் நன்றாக வரும் என்று சொல்ல முடியாது. வாட்ஸ்அப் முகப்புப் படத்தில் இந்தப் பிழைகள் கண்ணுக்கே தெரியா. நாலடிப் பலகையில் எல்லாம் தெரியும். ஆகவே பலகையில் வரப்போகும் அதே அளவில் தலைப் பகுதியை மட்டும் ஏ4 தாளில் அச்சிட்டுப் பார்த்தோம். ஓரிடத்தில் ஒளிவட்டம் தென்பட்டது. திருத்திய பிறகே பிளக்ஸுக்குக் கொடுத்தோம். அனுப்பும்போதும் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல், "Document" ஆக அனுப்பினால் தரம் குறையாது.

மூலப் படமே இல்லை, மங்கலான நகல் மட்டும் உள்ளது என்றால் போன முடி திரும்பாது. அப்போது செய்யக்கூடியது, மற்ற பின்னணியையும் அதே அளவு மங்கலாக்கி, நறுக்கிய ஓரத்தின் மீது லேசாகத் தடவிக் கோட்டை மழுங்கச் செய்வதே. சிலர் புதிதாக முடி வரைந்து தருவார்கள். அது அந்த அம்மாளின் முடி ஆகாது.

இனி எடுக்கும்போது

அலமாரியை ஒட்டி நிற்க வைக்காமல் ஐந்தாறு அடி முன்னால் நிற்க வையுங்கள். கருமுடிக்கு வெளிறிய சுவரும், நரைமுடிக்குக் கருத்த பின்னணியும் நல்லது. தலைக்கு நேர் பின்னால் டியூப் லைட் வேண்டாம். கடை வாசலின் பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, போர்ட்ரெய்ட்டில் ஒன்று எடுத்தால் சாதாரண முறையிலும் ஒன்று எடுத்து வையுங்கள். கல்லாவில் அமர்ந்திருக்கும் உங்கள் பெற்றோரை இந்த வாரமே அப்படி இரண்டு படம் எடுத்துவிடுங்கள்.