அனுப்பியவருக்கு மட்டும் தெரியும் லோகோ

ஆடிப்பெருக்குக்குச் சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளியாகிவிடும். அதன்பிறகு அச்சக அலுவலகங்களிலிருந்து கொட்டேஷன் மெயில்கள் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். எனக்குத் தெரிந்த ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் அப்படிப் போன மெயில்களின் அடியில் முதலாளி பெயரும் வண்ண லோகோவும் இருந்தன. இரண்டு நாள் கழித்துக் கோயம்புத்தூர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் போன் செய்தார்: "அண்ணாச்சி, உங்க மெயிலுக்கு அடியில வெறும் கட்டம்தான் இருக்கு, படத்தைக் காணோமே?"

நம்பிக்கை: "எனக்குத் தெரியுதே, கோளாறு அவங்க சிஸ்டத்துலதான்."

முதலாளியும் இதைத்தான் சொன்னார். உண்மையில், அவருக்குத் தெரிந்ததுதான் கோளாறுக்கே அடையாளம். மெயிலுக்குள் பல நேரம் படம் இருக்காது, படம் இருக்கும் இடத்தின் முகவரி மட்டும்தான் இருக்கும். திறக்கிற கணினி அந்த முகவரிக்குப் போய்ப் படத்தை எடுத்துவர வேண்டும்.

அனுப்பிய மெயிலை ஒரு ஜிமெயில் கணக்கில் வாங்கி, மூன்று புள்ளி மெனுவில் Show original கொடுத்துப் பார்த்தோம். img என்று தேடியதும் இது கிடைத்தது:

```
<img src=3D"file:///C:/Users/Office/Desktop/logo.png">
```

நடுவில் நிற்கும் 3D-யைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சமக்குறியை மெயில் அப்படித்தான் எழுதிக்கொள்ளும். விஷயம் file:/// என்பதில் இருக்கிறது. லோகோ அலுவலகக் கணினியின் டெஸ்க்டாப்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கணினியில் திறந்தால் பளிச்சென்று தெரியும், கோயம்புத்தூரில் எப்படித் தெரியும்? அவுட்லுக்கில் நேரடியாகப் படத்தைச் செருகியிருந்தால் அதுவே படத்தை மெயிலோடு சேர்த்து அனுப்பியிருக்கும். இங்கே பில்லிங் மென்பொருளின் மெயில் டெம்ப்ளேட்டில் யாரோ கையால் எழுதி வைத்திருந்தார்கள். அது எழுதியதை எழுதியபடியே அனுப்பிவிட்டது.

நம்பிக்கை: "டிரைவ்ல போட்டு லிங்க் குடுத்துட்டா தீர்ந்தது."

அச்சகத்துப் பையன் உடனே அதைத்தான் செய்தான், கட்டம் போகவில்லை. டிரைவ் தருகிற ஷேர் லிங்க் படத்தின் முகவரி அல்ல, படத்தைக் காட்டும் ஒரு பக்கத்தின் முகவரி. மெயில் கேட்பது படத்தை, கிடைப்பது பக்கம். சோதிப்பது சுலபம். பிரவுசரில் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்து லிங்கை ஒட்டுங்கள். லாகின் கேட்காமல், சுற்றிலும் பட்டனோ மெனுவோ இல்லாமல், படம் மட்டும் வர வேண்டும். அச்சகத்துக்குச் சொந்த இணையதளம் இருந்ததால் லோகோவை அங்கே ஏற்றி, டெம்ப்ளேட்டில் இப்படி மாற்றினோம் (உங்கள் தளத்தின் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்):

```
<img src="https://example.com/logo.png" width="200" alt="அச்சகத்தின் பெயர்">
```

இதற்கும் ஒரு குறை உண்டு. வெளியிலிருந்து வரும் படங்களை அவுட்லுக் முதலில் தடுத்து வைக்கும். பெறுபவர் அனுமதித்தால்தான் காட்டும். அதுவரை alt-இல் எழுதிய பெயராவது தெரியட்டும். போன் நம்பரையும் முகவரியையும் படத்துக்குள் வைக்காமல் எழுத்தாகவே வைப்பதும் இதனால்தான்.

நம்பிக்கை: "படம் அட்டாச்மென்டா போனா, தப்பா அனுப்பிட்டோம்."

image001.png என்று ஒரு கோப்பு ஒட்டிக்கொண்டு வருவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். இந்த வகையில் படம் மெயிலோடுதான் பயணம் செய்கிறது. உள்ளே அதற்கு ஓர் அடையாளப் பெயர் உண்டு. கடிதத்தில் cid: என்று தொடங்கும் முகவரி அந்தப் பெயரைச் சுட்டும். இரண்டும் பொருந்தினால் படம் தன் இடத்தில் உட்காரும். பொருத்தத்தைப் பெறுபவரின் மென்பொருள் கவனிக்காவிட்டாலோ, மெயில் Plain Text வடிவுக்கு மாறி முகவரி அழிந்துபோனாலோ, படம் இடமில்லாமல் அட்டாச்மென்டாக நிற்கும். அனுப்புகிறவர் செய்யக்கூடியது, மெயில் வடிவத்தை HTML-இல் வைப்பது. பெறுபவர் பக்கம் நடப்பது நம் கையில் இல்லை. பேப்பர் கிளிப் குறியே வரக்கூடாது என்றால் மேலே சொன்ன https வழிக்குத்தான் வர வேண்டும்.

நம்பிக்கை: "அச்சுக்குப் போற ஃபைலையே வச்சா பளிச்சுனு இருக்கும்."

இது நம்ம ஊருக்கே உரிய வியாதி. பிளேட்டுக்குப் போகிற டிஃப் கோப்பை ஜிமெயில் காட்டாது. நான்கு வண்ண சிஎம்ஒய்கே ஜேபெக் சில இடங்களில் நிறம் மாறித் தெரியும், சில இடங்களில் திறக்கவே திறக்காது. கோரல் டிராவிலிருந்து ஆர்ஜிபி நிறத்தில், 400 பிக்சல் அகலத்தில் பிஎன்ஜி ஆக எக்ஸ்போர்ட் செய்தால் போதும். width="200" அதைப் பாதியாக்கிக் காட்டும், போன் திரையிலும் பிசிறடிக்காது. 300 டிபிஐ கணக்கு இங்கே எடுபடாது.

லோகோ சரியாகி ஒரு மாதம் கழித்து, தளத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று பையன் அந்த logo.png-ஐ அழித்துவிட்டான். அதுவரை அனுப்பிய கொட்டேஷன்கள் எல்லாவற்றிலும் மறுபடி கட்டம். அதே பெயரில் கோப்பைத் திரும்ப ஏற்றியதும், பழைய மெயில்களிலும் லோகோ வந்து உட்கார்ந்துகொண்டது.