ஒரே கட் ஷூ, நாலு கலர்: தையல் மாறாமல் படம் தயாரிப்பது எப்படி?



ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ மேல்தோல் தைப்பது நம் பெண்களுக்குப் பழகிய வேலை. அப்படித் தைக்கத் தெரிந்தவர்கள் குழுவாகச் சேர்ந்து சொந்தமாக கட் ஷூ செய்து விற்கும்போது, இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில் படம் பார்த்துத்தான் ஆர்டர் வருகிறது. ஒரு மாடலை நாலு கலரில் காட்டணும்னா நாலு ஜோடி தைத்துப் படம் எடுக்கணும். ஆர்டர் வரும் முன்பே அத்தனை தோலையும் வெட்டினால் கடன் பணம் அதில் முடங்கிவிடும். அதனால் ஒரே ஒரு ஜோடி தைத்து, படம் எடுத்து, மற்ற கலர்களை ஏஐ மூலம் மாற்றிக் காட்டலாமா என்று பல குழுக்களில் கேட்கிறார்கள். ஜெமினி, சாட்ஜிபிடி போன்றவற்றில் நம் படத்தைக் கொடுத்து, தமிழிலேயே எழுதிக் கேட்டால் மாற்றித் தருகின்றன. ஆனால் கலரோடு சேர்த்து ஷூவையும் கொஞ்சம் மாற்றிவிடும். இரட்டைத் தையல் ஒற்றைத் தையலாகிவிடும், மூக்கு கூராகிவிடும். வாங்குகிறவர் படத்தில் பார்த்தது ஒன்று, கைக்கு வந்தது ஒன்று என்றால் ஜோடி திரும்பி வரும், போக்குவரத்துச் செலவும் நம் தலையில் விழும். கலர் மட்டும் மாறி மற்றது அப்படியே இருக்கச் செய்வது எப்படி என்பதுதான் இந்த இதழின் பாடம்.

முதலில் ஏன் மாறுகிறது என்று தெரிந்துகொள்வோம். நாம் துணிக்குச் சாயம் போடும்போது துணியின் நெசவு மாறுவதில்லை. ஏஐ அப்படிச் சாயம் போடுவதில்லை. நாம் கொடுத்த படத்தைப் பார்த்து, பெரும்பாலும் முழுப் படத்தையும் புதிதாக வரைகிறது. நல்ல கோலம் போடுகிறவர் ஒருவர் பக்கத்து வீட்டுக் கோலத்தைப் பார்த்துப் போடுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். தெளிவாகத் தெரிந்த இடத்தை அப்படியே போடுவார், தெரியாத இடத்தைத் தன் கைப்பழக்கத்தில் நிரப்புவார். படமே கொடுக்காமல் "மெரூன் கட் ஷூ ஒன்று வேண்டும்" என்று வார்த்தையில் மட்டும் கேட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு ஷூதான் வரும். எத்தனை வர்ணனை எழுதினாலும் வார்த்தையால் தையலைக் கட்டிப்போட முடியாது. ஆகவே எப்போதும் நம் படத்திலிருந்துதான் தொடங்கணும்.

அந்தப் படத்தைத் தாய்ப்படம் என்று சொல்வோம். பாதி வேலை இதில்தான் இருக்கிறது. நாங்கள் எடுத்துக்கொள்ளும் உதாரணம் பிஸ்கட் கலர் கட் ஷூ. முன்பக்கம் வட்ட மூக்கு, குறுக்கே ஒரு பட்டை, பட்டையின் ஓரத்தில் இரண்டு வரிசைத் தையல், அடியில் கறுப்பு சோல். தாய்ப்படத்துக்கு இந்த மாதிரி வெளிர் நிறம்தான் நல்லது. கறுப்பு ஷூவில் தையலும் சுருக்கமும் இருட்டில் மறைந்துவிடும், மறைந்ததை ஏஐ தன் இஷ்டத்துக்குப் போடும். வெயில் நேராகப் படாத திண்ணையிலோ ஜன்னலோரத்திலோ, வெள்ளைச் சார்ட் பேப்பர் மேல் வைத்து எடுங்கள். பிறகு ஷூவைச் சுற்றி அதிக இடம் இல்லாமல் வெட்டிக்கொள்ளுங்கள். ஏஐ திருப்பித் தரும் படம் பல நேரம் நம் போன் படத்தைவிடச் சிறிய அளவில் இருக்கும். அதில் ஷூவே ஒரு மூலையில் இருந்தால் தையலுக்கு எங்கே இடம்? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து ஒவ்வொரு தையலையும் உங்களால் எண்ண முடியணும். உங்களால் எண்ண முடியாததை அதுவும் எண்ணாது.

அடுத்தது ஏஐக்கு எழுதும் குறிப்பு. இதைத்தான் ப்ராம்ப்ட் என்கிறார்கள். எதை மாற்றணும் என்று ஒரு வரி, எதைத் தொடக்கூடாது என்று இரண்டு மூன்று வரி, அவ்வளவு போதும். நம் கட் ஷூவை மெரூனாக மாற்ற இப்படி எழுதலாம்:

```
இதே படத்தில் ஷூவின் மேல்தோல் நிறத்தை
மட்டும் மெரூன் #6E1A24 ஆக மாற்று.
பட்டையின் இரட்டைத் தையல், பிஸ்கட் நிற நூல்,
வட்ட மூக்கு, கறுப்பு சோல், உள்தோல் மாறக்கூடாது.
படத்தின் கோணம், நிழல், பின்னணி, தோலின்
மினுமினுப்பு அப்படியே இருக்கட்டும்.
```

இதில் சில சொற்களைக் கவனியுங்கள். "உருவாக்கு" என்று எழுதவில்லை, "இதே படத்தில் மாற்று" என்றுதான் இருக்கிறது. உருவாக்கச் சொன்னால் புது ஷூ வந்துவிடும். "அழகாக", "ஸ்டைலாக", "புது டிசைனில்" என்று ஆசையாக ஒரு வார்த்தை சேர்த்தாலும் போச்சு, அதையே சாக்காக வைத்து வடிவத்தை மாற்றும். நூலின் நிறத்தைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம். சொல்லாவிட்டால் தோலோடு சேர்த்து நூலுக்கும் அதே நிறம் ஏறி, தையல் கண்ணுக்கே தெரியாமல் போகும். உங்கள் மிஷினில் மெரூன் ஷூவுக்கு மெரூன் நூல்தான் போடுவீர்கள் என்றால் அதை எழுதுங்கள். எந்த நூல் போட்டுத் தைக்கப் போகிறோமோ அதுதான் படத்திலும் இருக்கணும்.

மெரூன் என்ற பெயருக்குப் பக்கத்தில் உள்ள எண் எதற்கு? மெரூன் என்றால் ஒருவருக்கு ரத்தச் சிவப்பு, இன்னொருவருக்குக் கத்தரிக்காய் நிறம். # குறியும் அதன் பின்னால் ஆறு எழுத்து எண்களும் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு கலக்கணும் என்று சொல்லும் கலர் எண். படத்தில் ஒரு இடத்தைத் தொட்டால் அதன் கலர் எண்ணைக் காட்டும் ஆப்கள் போனில் இருக்கின்றன. கடையில் வாங்கப்போகும் தோலின் துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, ஷூவைப் படம் எடுத்த அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் அதையும் படம் எடுங்கள். மஞ்சள் பல்ப் அடியில் எடுத்தால் எண்ணும் மஞ்சளடித்துத்தான் வரும். துண்டுப் படத்தில் மினுங்காத, நிழல் விழாத இடத்தைத் தொட்டு எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். எண் கொடுத்தாலும் அச்சடித்த மாதிரி அதே நிறம் வராது, கிட்டத்தட்ட வரும். பெயரை மட்டும் நம்புவதற்கு இது எவ்வளவோ மேல். இன்னொன்று, துண்டு கையில் இல்லாத கலரைப் படமாக்கவே வேண்டாம். அந்தக் கலரில் ஆர்டர் வந்து தோல் கிடைக்கவில்லை என்றால் என்ன சொல்வது?

இனி, மெரூன் நன்றாக வந்துவிட்டது, கருநீலம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பலரும் அங்கேயே தொடர்ந்து "இப்போ கருநீலமாக மாற்று" என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் ஏஐ மெரூன் படத்தைப் பார்த்துக் கருநீலத்தை வரையும், அதைப் பார்த்துக் கறுப்பை வரையும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து என்ன ஆகுமோ அதுதான் தையலுக்கும் ஆகும். மெரூனில் ஒரு தையல் நகர்ந்திருந்தால் கறுப்பில் ஒரு வரிசையே காணாமல் போகலாம். ஆகையால் ஒவ்வொரு கலருக்கும் புதிய உரையாடல் தொடங்கி, தாய்ப்படத்தையே மறுபடி ஏற்றி, அதே குறிப்பில் கலர் பெயரையும் எண்ணையும் மட்டும் மாற்றிக் கொடுங்கள். நாலு கலரையும் ஒரே படத்தில் கட்டம் கட்டிக் கேட்பதும் சரிவராது. நாலும் சின்னதாக வரும், நாலும் நாலு விதமாக வரும்.

வந்த படத்தை அப்படியே குரூப்பில் போட்டுவிடாதீர்கள். போன் கேலரியில் தாய்ப்படத்தையும் புதுப்படத்தையும் அடுத்தடுத்து வைத்து, விரலால் வேகமாக முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். கலர் மட்டும் மாறியிருந்தால் ஷூ ஆடாமல் நிற்கும். மூக்கோ சோலின் கனமோ மாறியிருந்தால் அந்த இடம் குதிப்பது உடனே தெரியும். அப்புறம் தையலை எண்ணணும். நம் உதாரணத்தில் பட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தாய்ப்படத்தில் மேல் வரிசையில் 22 தையல் என்றால் மெரூனிலும் 22 இருக்கணும், இரண்டு வரிசையும் இருக்கணும். பட்டை, பக்கத் தையல், குதிகால் ஓரம் என்று மூன்று இடத்தில் எண்ணினால் போதும். 22 தையல் 19 ஆகி வந்தால், அந்தப் படத்தைத் திருத்தச் சொல்லி மல்லுக்கட்டாதீர்கள். அதை விட்டுவிட்டு, தாய்ப்படத்திலிருந்து மறுபடி கேளுங்கள். ஒரே குறிப்புக்கு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறாகத்தான் வரும், மூன்று நாலு தடவையில் ஒன்று சரியாக அமையலாம்.

கறுப்பும் வெள்ளையும்தான் அதிகம் படுத்தும். முழுக் கறுப்பு கேட்டால் ஷூ ஒரு நிழல் மாதிரி தட்டையாகிவிடும். அதற்குப் பதில் #2A2A2A என்று கொஞ்சம் வெளிறிய கறுப்பைக் கொடுத்து, "வெளிச்சம் படும் இடங்களும் மடிப்புகளும் தாய்ப்படத்தில் உள்ள இடத்திலேயே தெரியட்டும்" என்று ஒரு வரி சேருங்கள். வெள்ளைக்கும் அதுபோல் சற்று மங்கிய வெள்ளை கேளுங்கள். சில கலர் பெயர்களோடு வேறு சங்கதிகளும் ஒட்டிக்கொண்டு வரும். கோல்டு என்றால் பளபளக்கும் ஜரிகைத் தோல் வரலாம், பிரவுன் என்றால் மொரமொரப்பான தோல் வரலாம். குறிப்பில் "மினுமினுப்பு அப்படியே" என்ற சொல் இதற்காகத்தான்.

இத்தனை செய்தும் தையல் நிற்கவில்லை என்றால், மிக நுண்ணிய தையலோ பூவேலையோ உள்ள ஷூவுக்கு ஏஐயை விட்டுவிட்டு, பழைய முறைக்கே போகலாம். போட்டோ திருத்தும் ஆப்பில் மேல்தோல் பகுதியை மட்டும் விரலால் தேர்ந்தெடுத்து, நூலையும் சோலையும் விட்டுவிட்டு, கலர் பட்டியை நகர்த்தி நிறத்தை மாற்றுவது அது. முதல் தடவை அரை மணி நேரம் பிடிக்கும். ஆனால் அங்கே புதிதாக எதுவும் வரையப்படுவதில்லை என்பதால் ஒரு தையல்கூட இடம் மாறாது. தேர்ந்தெடுத்த பகுதியைச் சேமித்து வைக்க வசதியுள்ள ஆப் என்றால் மற்ற கலர்களுக்குச் சில நிமிடங்களே ஆகும். பிஸ்கட்டிலிருந்து வெளிர் பச்சை, வெளிர் நீலம் இப்படி நன்றாக வரும். மெரூன் போன்ற அடர் நிறங்களுக்கும், கறுப்புக்கும் வெள்ளைக்கும் கலர் பட்டி மட்டும் போதாது, வெளிச்சத்தைக் கூட்டும் பட்டியையும் குறைக்கும் பட்டியையும் சேர்த்து நகர்த்த வேண்டியிருக்கும்.